கூட்டம் தொடங்கும் முன் அந்த 20 நிமிடம்

பினாங்கு பாயான் லெபாஸில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக வேலை பார்க்கிறேன். வேலை முழுக்க ஆங்கிலத்தில்தான். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய சிப் ஏன் பழுதானது என்று கண்டுபிடித்து 8டி அறிக்கை எழுத வேண்டும், அதைத் தொலைபேசிக் கூட்டத்தில் விளக்க வேண்டும், குறுக்குக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதெல்லாம் எனக்கு வரும். வராமல் இருந்தது வேறொன்று. வாடிக்கையாளர்களும் சப்ளையர்களும் கூடுகிற கருத்தரங்குகளில், உரை தொடங்குவதற்கு முன்னால் காபி கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த 20 நிமிடப் பேச்சுதான் அது.

நான் கெடாவில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். ஆறாம் ஆண்டு வரை கணக்கும் அறிவியலும் தமிழில். பிறகு புகுமுக வகுப்பு, இடைநிலைப்பள்ளியில் எல்லாம் மலாய், அதற்குப் பிறகுதான் ஆங்கிலம். அதனால் ஆங்கிலம் எனக்குப் பாடமாகவும் அறிக்கையாகவும் வந்ததே தவிர, அரட்டையாக வரவில்லை. வீட்டில் யாரும் அந்த மொழியில் சண்டை போட்டோ கேலி செய்தோ நான் கேட்டதில்லை. தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்திருக்கும் நண்பர்களும் இதையேதான் சொல்கிறார்கள். எழுதச் சொன்னால் எழுதுவோம், நின்று பேசச் சொன்னால் வாய் திறக்காது.

இலக்கணம் போதவில்லை என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டு இலக்கணப் புத்தகம் வாங்குகிறார்கள். என் அனுபவத்தில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தமிழில் கேள்வி கேட்கும்போது 'நீங்க பினாங்குல எவ்வளவு நாளா...' என்று நிதானமாகத் தொடங்கலாம். வினைச்சொல் கடைசியில்தான் வரும், அதற்குள் யோசித்துக்கொள்ளலாம். ஆங்கிலக் கேள்வி அப்படி விடாது. 'டூ', 'டிட்', 'ஹேவ்', 'ஆர்' ஆகியவற்றில் எது என்பதை முதல் இரண்டு மூன்று சொற்களுக்குள் முடிவு செய்தாக வேண்டும். காலத்தைத் தீர்மானித்துவிட்டுத்தான் வாயையே திறக்க முடியும். நாம் அதை மனத்துக்குள் தீர்மானித்துக்கொண்டிருக்கும்போது எதிரில் நிற்பவர் புன்னகையோடு காத்திருந்துவிட்டு வேறு பக்கம் திரும்பிவிடுகிறார். அறிக்கையில் இந்தச் சிக்கல் தெரியாது, ஏனென்றால் அறிக்கை காத்திருக்கும்.

அதனால் முழு வாக்கியங்களை மனப்பாடம் செய்வதை நிறுத்திவிட்டு, கேள்வியின் தலைப்பகுதியை மட்டும் ஒரே சொல்லைப் போல வாய்க்குப் பழக்கினேன். மூன்று தலைகள் போதும். 'ஹவ் லாங் ஹேவ் யூ பீன்...', 'வாட் டிட் யூ திங்க் ஆஃப்...', 'ஹேவ் யூ பீன் டு...'. முதலாவதோடு 'இன் பினாங்' சேர்க்கலாம், 'வித் தி கம்பெனி' சேர்க்கலாம், 'இன் டெஸ்ட்' சேர்க்கலாம். இரண்டாவதோடு 'தி டாக்', 'தி ஃபுட்', 'தி பிளான்ட் டூர்'. மூன்றாவதோடு 'திஸ் ஒன் பிஃபோர்' அல்லது 'ஜார்ஜ் டவுன் யெட்'. தலை தானாக வந்துவிட்டால் வாலை அந்த நிமிடத்தில் யோசித்துக்கொள்ளலாம். 'ஹவ் டிட் யூ ஃபைண்ட்...' என்று ஒன்றையும் முதலில் வைத்திருந்தேன். 'ஹவ் டிட் யூ ஃபைண்ட் திஸ் பிளேஸ்?' என்று கேட்டால் சிலர் இடம் பிடித்திருக்கிறதா என்று புரிந்துகொள்வார்கள், சிலர் 'கூகுள் மேப்ஸ்' என்று பதில் சொல்வார்கள். அதனால் அதை விட்டுவிட்டேன்.

அடுத்தது, எதைப் பற்றிக் கேட்பது. இணையத்தில் 'நூறு உரையாடல் தொடக்கங்கள்' என்று பட்டியல்கள் கிடைக்கும். அவற்றில் பாதி, அறிமுகமே இல்லாதவரிடம் அவருடைய கனவு என்ன என்று கேட்கச் சொல்லும். தரக்கட்டுப்பாட்டுக் கருத்தரங்கில் யாரிடமும் அப்படிக் கேட்க முடியாது. எனக்கு உதவியது, அந்த அறையிலேயே இருவர் கண்ணுக்கும் தெரிகிற பொருளைப் பற்றிக் கேட்பது. பதிவு மேசை வரிசையில் நிற்கும்போது 'ஹேவ் யூ பீன் டு திஸ் ஒன் பிஃபோர்?'. உட்காரப் போகும்போது 'இஸ் எனிஒன் சிட்டிங் ஹியர்?'. உரை முடிந்து வெளியே வரும்போது 'வாட் டிட் யூ திங்க் ஆஃப் தி லாஸ்ட் ஸ்பீக்கர்?'.

எல்லாவற்றையும்விட எளிது சாப்பாட்டு வரிசை. 'டூ யூ நோ இஃப் திஸ் ஒன் இஸ் வெஜிடேரியன்?' என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பதற்கு அறிமுகம் தேவையில்லை. நம்மில் பலருக்கு மாட்டிறைச்சி ஆகாது, வெள்ளிக்கிழமை சைவம். ஆகவே அது உண்மையான கேள்வியும்கூட. உண்மையான தேவையிலிருந்து கேட்கும்போது குரல் இயல்பாக வருகிறது. கேட்கவேண்டுமே என்று கேட்கிற கேள்வியில் அந்த இயல்பு வராது, எதிரில் இருப்பவருக்கும் அது தெரிந்துவிடும்.

உள்ளூர்க்காரர் என்று தெரிந்தால் பாலத்தைப் பற்றிக் கேட்பேன். 'டிட் யூ கம் ஓவர் ஃப்ரம் தி மெயின்லேண்ட்? ஹவ் வாஸ் தி பிரிட்ஜ் திஸ் மார்னிங்?' 1985இல் திறந்த முதல் பாலமும் 2014இல் திறந்த இரண்டாம் பாலமும் இருந்தும் காலை நெரிசல் தீரவில்லை என்பதால், பட்டர்வொர்த்திலிருந்தோ கூலிமிலிருந்தோ வருபவர் யாராக இருந்தாலும் இதற்கு இரண்டு நிமிடமாவது பேசுவார். ஜூன், ஜூலையில் என்றால் பாலிக் புலாவ் டுரியான். இதைக் கேட்டால் நான் பேசவே வேண்டியதில்லை.

இனி ஒத்திகை. இதை நான் தனியாகச் செய்யவில்லை. எங்கள் வாங்கல் பிரிவில் ஓர் அக்கா இருக்கிறார். கோலாலம்பூரில் கான்வென்டில் படித்தவர், ஆங்கிலத்தில் சண்டையே போடுவார். மதிய உணவு முடிந்து நடக்கும்போது பயிற்சி கொடுக்கச் சொன்னேன். அவர் செய்த ஒரு காரியம்தான் என் பார்வையை மாற்றியது. நான் எதைக் கேட்டாலும் கஞ்சத்தனமாக ஒற்றை வரியில் பதில் சொன்னார்.

"ஹேவ் யூ பீன் டு திஸ் ஒன் பிஃபோர்?"

"யா, லாஸ்ட் இயர்."

அவ்வளவுதான், அடுத்து எனக்கு ஒன்றும் வரவில்லை. "பார்த்தியா தங்கச்சி, உனக்கு முதல் கேள்வி பிரச்சினையே இல்லை. ரெண்டாவதுதான்" என்றார். எல்லாரும் தொடக்க வரியைத்தான் பாடம் செய்கிறோம். தொடக்க வரி எப்படி இருந்தாலும் ஒரு பதில் வந்துவிடும். அந்தப் பதிலை என்ன செய்வது என்று தெரியாமல்தான் பேச்சு சாகிறது.

அக்கா சொன்ன வழி: வந்த பதிலிலிருந்து ஒரு சொல்லைப் பிடி, அதைத் திரும்பச் சொல், அதிலிருந்து கேள். "லாஸ்ட் இயர்? ஓ, வாட்ஸ் டிஃபரன்ட் திஸ் டைம்?" சொல்லைத் திரும்பச் சொல்வதில் இரண்டு லாபம் இருக்கிறது. நாம் கவனித்தோம் என்பது அவருக்குத் தெரிகிறது. அதைவிட முக்கியம், அடுத்த கேள்வியின் தலையைத் தேட நமக்கு ஒரு நொடி கிடைக்கிறது. தமிழில் வினைச்சொல்லைக் கடைசியில் வைத்து நாம் இயல்பாகவே எடுத்துக்கொள்ளும் அந்த நொடி, இங்கே இப்படித்தான் கிடைக்கும்.

உண்மையில் நமக்கு இது புதிதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவிடம் 'எந்த ஊரு', 'எந்தத் தோட்டம்', 'அப்ப மண்டோர் வீட்டு ஆளுகளைத் தெரியுமே' என்று மூன்றே கேள்வியில் உறவைக் கண்டுபிடித்துவிடுவோம். அங்கேயும் ஒவ்வொரு கேள்வியும் முந்தைய பதிலிலிருந்துதான் பிறக்கிறது. உறவுக்குப் பதிலாக வேலையும் பயணமும் வந்து நிற்கின்றன, அவ்வளவுதான்.

ஆகவே ஒத்திகையை இப்படி வைத்துக்கொண்டோம். ஒரு தொடக்கக் கேள்விக்கு அக்கா மூன்று விதமாகப் பதில் சொல்வார். ஒருமுறை ஒற்றை வரி. ஒருமுறை நீளமான கதை, அதில் எந்தச் சொல்லைப் பிடிப்பது என்று நான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருமுறை பதிலே சொல்லாமல் 'ஹவ் அபவுட் யூ?' என்று திருப்பிவிடுவார். மூன்றையும் தாண்டினால்தான் அடுத்த தொடக்கத்துக்குப் போவோம். ஒரு கருத்தரங்குக்கு மூன்று தொடக்கங்களுக்கு மேல் தயாரிக்க வேண்டாம் என்பது என் கருத்து. பத்து தயாரித்துக்கொண்டு போகிறவர் அங்கே நின்று எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்பார். ஆள் கிடைக்காதவர்கள் காரில் போகும்போது சத்தமாகச் சொல்லிப் பார்க்கலாம், ஆனால் மனத்துக்குள் சொல்வதில் பயனில்லை. மனத்துக்குள் எல்லாருமே சரளமாகப் பேசுவோம்.

'ஹவ் அபவுட் யூ?' வந்தால் சொல்லவேண்டிய பதிலும் ஒத்திகையில் சேர்த்திதான். 'வாட் டு யூ டூ?' என்று கேட்டால் நம்மவர்கள் பதவிப் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்வோம். 'ஐ'ம் எ சீனியர் குவாலிட்டி இன்ஜினியர்.' அதற்கு எதிரில் இருப்பவர் 'ஓ, நைஸ்' என்பதைத் தவிர வேறென்ன சொல்ல முடியும்? நான் சொல்ல நினைக்கும் வேலையை ஒரு நிகழ்ச்சியாக மாற்றிக்கொண்டேன். "ஐ வொர்க் இன் குவாலிட்டி. வென் எ சிப் கம்ஸ் பேக் ஃப்ரம் எ கஸ்டமர், மை டீம் ஃபைண்ட்ஸ் அவுட் வொய் இட் ஃபெயில்ட்." இதைச் சொன்னவுடன் பெரும்பாலும் 'ஓ? வொய் டு தே ஃபெயில்?' என்று கேள்வி வரும். அதற்கும் ஒரு சின்னக் கதை கையில் இருக்கிறது. வாடிக்கையாளர் பெயரைச் சொல்லாமல், ரகசியம் எதையும் உடைக்காமல் சொல்லக்கூடிய கதை. பல பழுதுகள் சிப்பில் இல்லை, அதைக் கையாண்ட விதத்தில் இருக்கும், நிலைமின்சாரம் பட்டுப் போயிருக்கும் என்பதைப் போல ஒன்று. கணக்காளர், வழக்கறிஞர், தாதி என்று எந்த வேலையாக இருந்தாலும் 'வென்...' என்று தொடங்கும் ஒரு வரி கிடைக்கும்.

சரி, எல்லாம் சேர்ந்து ஒருமுறை எப்படி நடந்தது என்று சொல்கிறேன். பினாங்கில் ஒரு ஹோட்டலில் சப்ளையர்கள் கூட்டம். மதிய உணவு வரிசையில் எனக்கு முன்னால் உயரமான ஒரு வெள்ளைக்காரர்.

"எக்ஸ்கியூஸ் மீ, டூ யூ நோ இஃப் திஸ் ஒன் இஸ் வெஜிடேரியன்?"

"நோ ஐடியா, ஸாரி. ஐ ஒன்லி காட் இன் லாஸ்ட் நைட்."

என் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. ஆனால் பிடிக்க ஒரு சொல் இருக்கிறது.

"லாஸ்ட் நைட்! வேர் டிட் யூ ஃப்ளை இன் ஃப்ரம்?"

"ட்ரெஸ்டன். வயா சிங்கப்பூர்."

இங்கே 'வேர் ஆர் யூ ஃப்ரம்?' என்று நான் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மலேசியாவில் அந்தக் கேள்வி எந்த நிறுவனம் என்றும் படும், எந்த ஊர் என்றும் படும், எந்த இனம் என்றும் படும். 'வேர் டிட் யூ ஃப்ளை இன் ஃப்ரம்?' என்றால் பயணம் மட்டும்தான். உள்ளூர்க்காரர் போலத் தெரிந்தால் 'ஆர் யூ பேஸ்ட் இன் பினாங்?' போதும்.

ஜெர்மனியில் உள்ள ட்ரெஸ்டனில் சிப் தொழிற்சாலைகள் இருப்பது எங்கள் துறையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். "ட்ரெஸ்டன். தேர் ஆர் குவைட் எ ஃபியூ ஃபாப்ஸ் தேர், ரைட்?" என்றேன். மனிதர் தட்டைப் பிடித்தபடியே என் பக்கம் முழுதாகத் திரும்பினார். தன் நிறுவனம், தன் பிரிவு என்று பேசிக்கொண்டே போனார். அறையில் இரைச்சல். தன் குழுவில் இத்தனை பேர் என்றார், அது 15ஆ 50ஆ என்று எனக்குப் பிடிபடவில்லை.

கேட்டது புரியாவிட்டால் நம்மவர்கள் இரண்டில் ஒன்று செய்வோம். தலையாட்டிவிடுவோம், அல்லது 'பார்டன்?' என்போம். தலையாட்டினால் அடுத்து அவர் கேட்கும் கேள்வியில் மாட்டிக்கொள்வோம். 'பார்டன்' என்றால் அவர் முழுவதையும் மறுபடி அதே வேகத்தில் சொல்வார், அதுவும் புரியாது. புரிந்த பாதியைச் சொல்லிவிட்டுப் புரியாததை மட்டும் கேட்பதுதான் வேலைக்கு ஆகிறது. "ஸாரி, இட்ஸ் லவுட் இன் ஹியர். யுவர் டீம் இஸ் ஒன்-ஃபைவ் ஆர் ஃபைவ்-ஸீரோ?" அவர் சிரித்துக்கொண்டு "ஒன்-ஃபைவ்" என்றார். 13க்கும் 30க்கும், 15க்கும் 50க்கும் உள்ள வித்தியாசம் ஆங்கிலத்தில் அழுத்தம் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது. தாய்மொழியாகப் பேசுகிறவர்களே இதைத் தவறாகக் கேட்பதுண்டு. எண்ணை இலக்கம் இலக்கமாகச் சரிபார்ப்பதில் எந்த வெட்கமும் இல்லை, வாங்கல் பிரிவில் இருப்பவர்களுக்கு அது பிடிக்கவே செய்யும்.

பிறகு அவர் என்னைக் கேட்டார், நான் என் 'வென்' வரியைச் சொன்னேன். அதிலிருந்து பேச்சு பாக்கேஜிங் பக்கம் போனது. நடுவில் திடீரென்று "வொய் பினாங், பை தி வே? வொய் இஸ் எவ்ரிஒன் ஹியர்?" என்றார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இதை அடிக்கடி கேட்பார்கள். இந்த ஊரில் வேலை செய்கிறவர் இரண்டு வரிப் பதில் வைத்திருப்பது நல்லது. என்னுடையது இது: "பினாங் லாஸ்ட் இட்ஸ் ஃப்ரீ போர்ட் ஸ்டேட்டஸ் இன் 1969, அண்ட் பீப்பிள் நீடட் ஜாப்ஸ். ஸோ தே ஓபன்ட் எ ஃப்ரீ ட்ரேட் ஸோன் ஹியர் இன் 1972, அண்ட் தி சிப் கம்பெனிஸ் கேம்." இன்டெல் வந்ததும் அந்த 1972இல்தான் என்பதை அவர் கேட்டால் சேர்த்துக்கொள்ளலாம். கேட்காவிட்டால் வேண்டாம். சுற்றுலா வழிகாட்டியைப் போல ஒப்பிக்கத் தொடங்கினால் எதிரில் இருப்பவரின் கண் உங்கள் தோளுக்கு மேல் போய்விடும். அதுதான் நிறுத்தவேண்டிய அடையாளம்.

தைப்பூசத்துக்கும் இதே மாதிரி இரண்டு வரி வைத்திருக்கிறேன். ஜனவரி, பிப்ரவரியில் வருபவர்கள் சாலையில் தேங்காய்க் குவியலைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். தண்ணீர்மலைக் கோயிலுக்கு 500க்கு மேற்பட்ட படிகள், ரதம் முதல் நாளே ஜார்ஜ் டவுனிலிருந்து கிளம்பும், தேங்காய் உடைப்பது அதற்காக என்று சொன்னால் போதும். நமக்குத் தெரிந்ததை நாம் சொல்கிற பேச்சில் ஆங்கிலம் தடுமாறினாலும் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் மலேசியாவில் மூன்று ஆர் என்று சொல்கிறார்களே, இனம், மதம், அரசமன்னர் விவகாரம், அந்தப் பக்கம் காபி மேசையில் போகவே கூடாது. திருவிழாவை விவரிப்பது வேறு, மதத்தை விவாதிப்பது வேறு.

வெளிநாட்டவரோடு பேசுவதற்கு இவ்வளவு. உள்ளூர்க் கூட்டத்தில் வேறு சில விஷயங்கள் உண்டு, அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் ஆங்கிலத்தை மட்டும் மெருகேற்றிப் பயனில்லை. பெயர் அட்டையில் டத்தோ, டான் ஸ்ரீ என்று இருந்தால் அந்தப் பட்டத்தைச் சொல்லித்தான் அழைக்க வேண்டும், 'மிஸ்டர்' போடக்கூடாது. சீனப் பெயரில் வழக்கமாகக் குடும்பப் பெயர் முன்னால் வரும், ஆகவே முதல் சொல்லோடுதான் 'மிஸ்டர்'. மலாய்க்காரருக்கு அவருடைய சொந்தப் பெயரோடு என்சிக் அல்லது புவான், தந்தை பெயரோடு அல்ல. நம் கதை இன்னும் வேடிக்கை. வெளிநாட்டவர் பலர் நம் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, என்னை மிஸ் போட்டு அப்பா பெயரால் அழைப்பார்கள். கை குலுக்குவதில், எதிர்ப்பாலினத்தவரோடு கை குலுக்காத முஸ்லிம்கள் இருக்கிறார்கள். அவர்கள் கை நீட்டும்வரை காத்திருந்து, நீட்டாவிட்டால் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தால் போதும்.

இன்னொன்று, 'லா', 'ஆ' எல்லாம் சேர்த்துப் பேசுகிற நம் ஊர் ஆங்கிலம். பினாங்கு சீனர் ஒருவர் 'ஈட் ஆல்ரெடி ஆ?' என்று கேட்டால் அதே தொனியில் 'ஈட்டன் ஆல்ரெடி, தேங்க்ஸ். யூ?' என்று சொல்லலாம். அங்கே போய்ப் புத்தக ஆங்கிலம் பேசினால் விலகி நிற்பது போலாகிவிடும். அடுத்த நிமிடம் ட்ரெஸ்டன்காரர் வந்து சேர்ந்தால் பேச்சு தானாக மாற வேண்டும். இந்த மாற்றத்தைப் பலர் ஆங்கிலம் சரியில்லாததன் அறிகுறி என்று நினைக்கிறார்கள். வீட்டில் ஒரு தமிழ், மேடையில் ஒரு தமிழ் பேசுகிறவர்களுக்கு இது என்ன பெரிய விஷயம்?

உச்சரிப்பு. இதைப் பற்றி எல்லாரும் கவலைப்படுகிறார்கள். முழுவதையும் திருத்த முயல்வது வீண் வேலை, தேவையும் இல்லை. நான் திருத்தியவை கொஞ்சம்தான். ஒன்று, எகரத்தில் தொடங்கும் சொற்களுக்கு முன்னால் தமிழ் நாக்கு ஒரு 'ய்' சேர்த்துவிடும், 'எவ்ரிஒன்' என்பது 'யெவ்ரிஒன்' ஆகிவிடும். ஒகரத்துக்கு முன்னால் 'வ்' வரும், 'ஒன்லி' 'வொன்லி' ஆகும். ஒருவர் சொல்லிக் காட்டும்வரை நம் காதுக்கே இது கேட்காது, அதனால் கைப்பேசியில் பதிவு செய்து கேட்பது நல்லது. இரண்டாவது, வேலையில் தினமும் வரும் சொற்களின் அழுத்தம். நாம் எல்லா அசைகளையும் ஏறத்தாழ ஒரே எடையில் சொல்வோம். ஆங்கிலக் காது அழுத்தத்தைத் தேடும். 'கம்போனன்ட்' என்பதில் 'போ'வும், 'அனாலிசிஸ்' என்பதில் 'னா'வும், 'டிவெலப்மென்ட்' என்பதில் 'வெ'யும் உயர வேண்டும். உங்கள் வேலையில் அடிக்கடி வரும் ஆறேழு சொற்களை அகராதி ஒலியோடு சரிபார்த்தால் போதும். மூன்றாவது, சொந்தப் பெயர். என் பெயரில் ஒரு ழ இருக்கிறது. அதைப் பிறர் சொல்ல வைக்க முயன்று முதல் ஒரு நிமிடத்தையும் அதிலேயே செலவழிப்பதில்லை. முழுப் பெயரை மெதுவாக ஒருமுறை சொல்லி, 'பட் எவ்ரிஒன் கால்ஸ் மி...' என்று முதல் இரண்டு எழுத்தைச் சொல்லிவிடுவேன். பெயருக்கு முன்னும் பின்னும் ஒரு சின்ன இடைவெளி விட வேண்டும். நமக்குப் பழகிய பெயர் என்பதால் வேகமாக விழுங்கிவிடுகிறோம்.

கும்பலில் நுழைவதைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. இருவர் நேருக்கு நேர் நின்று கால் விரல்களும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தால் அங்கே போகாதீர்கள், ஏதோ சொந்தப் பேச்சு. பக்கவாட்டில் திறந்து நிற்பவர்களிடம், அல்லது நம்மைப் போலவே தனியாக நின்று கைப்பேசியைத் தடவிக்கொண்டிருப்பவரிடம் போகலாம். தனியாக நிற்பவருக்கு நாம் வருவது பெரும்பாலும் நிம்மதியாகத்தான் இருக்கும். தட்டையும் கோப்பையையும் இடது கையில் வைத்துக்கொண்டால் வலது கை குலுக்கத் தயாராக இருக்கும்.

விலகுவதற்கும் தலை ஒன்று வேண்டும். தமிழில் 'சரிங்க, வரேன்' என்றால் போதும். ஆங்கிலத்தில் சட்டென்று 'ஓகே, பை' என்றால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும், ஆகவே எப்படி விலகுவது என்று தெரியாமல் ஒரே ஆளோடு அரை மணி நேரம் நின்றுகொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்று துண்டுகள்: பேசியதில் ஒன்றைச் சொல்வது, அடுத்து எங்கே போகிறோம் என்பது, தொடர்பு. ட்ரெஸ்டன்காரரிடம் நான் சொன்னது: "இட் வாஸ் ரியலி குட் டு ஹியர் அபவுட் தி பாக்கேஜிங் லைன். ஐ'ம் கோயிங் டு ஃபைண்ட் எ சீட் பிஃபோர் தே ஸ்டார்ட். ஆர் யூ ஆன் லிங்க்ட்இன்?" அவர் கைப்பேசியில் கியூஆர் காட்டினார், அவ்வளவுதான். லிங்க்ட்இன் செயலியில் தேடல் பட்டையைத் தொட்டால் ஓரத்தில் கியூஆர் குறி வரும். கூட்டத்துக்குப் போகும் முன்பே அது எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அங்கே நின்று தேடினால் விடைபெறும் வேகம் கெட்டுவிடும்.

நகர்ந்தவுடன், உட்கார்ந்த இடத்திலேயே, அவரைப் பற்றி ஒரு விவரத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொள்வேன். 'ட்ரெஸ்டன், குழுவில் 15 பேர், பாக்கேஜிங், செண்டோல் இன்னும் சாப்பிடவில்லை.' தமிழில்தான் குறிப்பேன். மறுநாள் காலை அனுப்பும் செய்தி இந்தக் குறிப்பிலிருந்து வரும், நாலு வரிக்கு மேல் போகாது: சந்தித்ததில் மகிழ்ச்சி, நேற்று பேசிய பாக்கேஜிங் விஷயத்தில் எங்கள் பக்கத்தில் இன்னார் பொறுப்பு, பினாங்கு ரோட்டில் செண்டோல் சாப்பிட்டீர்களா. எழுத்து எப்போதுமே நமக்குக் கைவந்தது, அதனால் பேச்சில் தவறியதை இங்கே சரிசெய்துகொள்ளலாம். பதில் வராவிட்டால் இன்னொரு செய்தி அனுப்ப மாட்டேன். பலருக்கு நேரம் இருக்காது, சிலர் ஊர் திரும்பியதும் மறந்துவிடுவார்கள். குறிப்பு மட்டும் கைப்பேசியில் இருக்கும். அடுத்த முறை அதே ஆளைப் பதிவு மேசையில் பார்த்தால், புதிதாகத் தொடக்கம் தேட வேண்டாம். "டிட் யூ எவர் கெட் தட் செண்டோல்?" என்று கேட்டால் போதும்.